முறுக்கு பாக்கெட்டுக்குள் கோதுமை எங்கிருந்து வந்தது? ஒவ்வாமை லேபிள் தேர்வுக்கான கேள்வி பதில்

"லேபிளில் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒரு குறிப்பில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது, வேறொன்றில் பதினான்கு. எதை மனப்பாடம் செய்வது அக்கா?" (முதல்முறை தேர்வு எழுதுபவர், ஓசூர்)

மூன்றும் சரிதான் தம்பி. மூன்றும் வெவ்வேறு சந்தைகளின் சட்டங்கள். எட்டு இந்தியாவுடையது, ஒன்பது அமெரிக்காவுடையது, பதினான்கு ஐரோப்பிய ஒன்றியத்துடையது. கேள்வித்தாளில் பொருள் எங்கே விற்கப்படுகிறது என்பதை முதலில் தேடுங்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிகளில் வரும் எட்டு இவை: கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட்.

அமெரிக்கா வேர்க்கடலையையும் மரக்கொட்டையையும் தனித்தனியாக எண்ணுகிறது. அங்கே தானியங்களில் கோதுமை மட்டுமே பட்டியலில் உண்டு, பார்லி இல்லை. 2004 சட்டத்தில் எட்டாக இருந்த அந்தப் பட்டியலில் 2021இல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். இந்தியப் பட்டியலில் எள் இல்லை. தேர்வில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

"நாங்கள் வெண்ணெய் முறுக்கு பேக் செய்கிறோம். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம், உப்பு, பாமாயில். பால் என்று மட்டும் போட்டிருக்கிறோம். போதுமா?" (சிறு தொழிற்கூடப் பணியாளர், மதுரை)

போதாது. உங்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினை அப்படியே அரைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மைதாவோ அரிசி மாவோ கோந்தோ சேர்க்கிறார்கள். மைதா இருந்தால் உங்கள் முறுக்கில் கோதுமை இருக்கிறது. அரிசி மாவில் செய்த பலகாரம் என்று நம்பி வாங்குகிற கோதுமை ஒவ்வாமைக்காரருக்கு இதைக் கண்டுபிடிக்க வேறு வழியே கிடையாது.

டப்பாவில் மைதா இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் 'கன்டெய்ன்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் கோதுமை, பால் இரண்டும் வர வேண்டும். அதே முறுக்கு அமெரிக்கா போனால் கோதுமை, பால், எள் மூன்றும் வர வேண்டும். அங்கே இந்த வரியைப் போட்டால் அதைப் பொருள்பட்டியலுக்கு அடுத்தோ அருகிலோ, பட்டியலின் எழுத்தளவுக்குக் குறையாமல் அச்சிட வேண்டும். வரியைப் போட்டுவிட்டு ஒன்றை விட்டுவிடக் கூடாது. உளுந்து இரண்டு பட்டியலிலும் இல்லை.

"கூட்டுப்பொருள் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பிரித்து எழுத வேண்டியதில்லை என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். நூறு கிலோ மாவுக்கு நானூறு கிராம் பெருங்காயம்தான் போடுகிறோம்." (அதே மதுரைக்காரர்)

அவர் சொன்னதில் பாதி சரி. உங்கள் கணக்கில் பெருங்காயம் அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே பொருள்பட்டியலில் அதன் உட்பொருள்களைப் பிரித்துக் காட்டாமல் விடலாம். ஆனால் அந்தச் சலுகை பட்டியலுக்கு மட்டுமே. ஒவ்வாமை அறிவிப்பு தனி விதி, சல்பைட்டைத் தவிர அதில் எதற்கும் குறைந்தபட்ச அளவு சொல்லப்படவில்லை. பட்டியலில் மைதா தெரியாமல் போகும்போதுதான் கீழே இருக்கும் அந்த ஒற்றை வரி உயிரைக் காக்கிறது. மேற்பார்வையாளரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"எண்ணெய்க்கு விலக்கு உண்டு என்று படித்தேன். செக்கு நல்லெண்ணெயில் பொரித்தால் எள் போட வேண்டாம்தானே?" (ஏற்றுமதி நிறுவன ஊழியர், தூத்துக்குடி)

அமெரிக்காவுக்கு அனுப்புவதென்றால் போட வேண்டும். அங்கே உயர்தரமாகச் சுத்திகரித்த எண்ணெய்க்குத்தான் விலக்கு. சுத்திகரிப்பில் புரதம் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது, ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம்தான். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கியிருக்கலாம். இந்திய விதியில் பட்டியல் பொருள்களிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு விலக்கு என்று ஒரு வாக்கியம் உண்டு. ஆனால் அது தற்செயலாகக் கலந்துவிடும் சாத்தியம் பற்றிய பத்தியில் நிற்கிறது. எள் இந்தியப் பட்டியலிலேயே இல்லை, ஆனால் நேரடியாகச் சேர்க்கும் செக்குக் கடலை எண்ணெய்க்கும் அந்த விலக்கு பொருந்துமா என்பதில் என்னுடன் வேலை செய்பவர்களே ஒத்துப்போவதில்லை. நானாக இருந்தால் வேர்க்கடலை என்று போட்டுவிடுவேன்.

"என் மகனுக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது. லாக்டோஸ் நீக்கிய பால்பொடி சேர்த்த பிஸ்கட்டுக்குப் பால் எச்சரிக்கை வேண்டாம்தானே?" (ஒரு தாய், தேர்வும் எழுதுகிறார்)

வேண்டும் அம்மா. லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அது செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, பால் புரதத்துக்கு உடல் எதிர்ப்புக் காட்டுவது வேறு. சர்க்கரையை நீக்கிய பொடியிலும் புரதம் அப்படியே இருக்கிறது. மகனுக்கு இரண்டில் எது என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும், லேபிளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"சல்பைட் கணக்கு வந்தால் எப்படிப் போடுவது?" (டிப்ளமா மாணவர், கோவை)

உலர்பழக் கலவையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு ஆப்ரிகாட், அந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சல்பைட் என்றால், கலவையில் 16 மில்லிகிராம். பத்தைத் தாண்டிவிட்டது, அறிவிக்க வேண்டும். ஆப்ரிகாட் நான்கு பங்கு என்றால் 8தான் வரும், வேண்டியதில்லை.

"லேபிள் வாசகம் சரியாக இருந்தும் தவறு நடக்குமா?" (லைன் ஆபரேட்டர், ஸ்ரீபெரும்புதூர்)

நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். நான் முன்பு இருந்த ஓர் ஆலையில் சாதா முறுக்குக்கும் வெண்ணெய் முறுக்குக்கும் ஒரே மஞ்சள் நிறப் படலம். ரோல் மாட்டும்போது ஆரம்பத்தைப் பார்த்தோம், சரியாக இருந்தது. முடிந்தபோதும் பார்த்தோம், அதுவும் சரி. ஆனால் அச்சகத்தில் அந்த ரோலின் நடுவே சாதா முறுக்குப் படலத்தின் ஒரு துண்டை ஒட்டுப்போட்டிருந்தார்கள். பால் என்ற சொல்லே இல்லாத பாக்கெட்டுகளில் வெண்ணெய் முறுக்கு நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் அடுக்கிய பெண் ஒருவர் பாக்கெட்டின் ஓரத்தில் சிவப்புக் கோடு காணவில்லை என்று கை நீட்டித் தடுத்ததால்தான் அந்தப் பெட்டிகள் லாரி ஏறவில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஒட்டிலும் இயந்திரத்தை நிறுத்தி, ஒட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு பாக்கெட் அளவு படலத்தை வெட்டிப் பதிவேட்டில் ஒட்டினோம். ரகம் மாறும்போது மீந்த ரோலை எடைபோட்டுக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பினோம், இயந்திரத்தின் அருகே ஒரு சாணும் வைத்திருக்கவில்லை. பார்கோடு படிக்கும் கருவி இருந்தால் நல்லது. ஆனால் இரண்டு ரகத்துக்கும் ஒரே பார்கோடு போட்டிருந்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது.

"அப்படியானால் எல்லாப் பாக்கெட்டிலும் 'இருக்கக்கூடும்' என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?" (அதே ஆபரேட்டர்)

நான் சொன்ன தவறை அது தீர்க்காது. அந்தப் பாக்கெட்டில் வெண்ணெய் நிச்சயமாக இருந்தது. 'இருக்கக்கூடும்' என்பது கழுவித் துடைத்த பின்னும் அதே இயந்திரத்தில் ஓடிய முந்தைய ரகத்தின் தூசி ஒட்டக்கூடிய இடத்துக்கான வாசகம். இந்திய விதி அதை எழுதலாம் என்கிறது, எவ்வளவு தூசிக்கு எழுத வேண்டும் என்று அளவு தரவில்லை. அதனால் ஒரே மாதிரியான இரண்டு ஆலைகளில் ஒன்று எழுதுகிறது, மற்றது எழுதுவதில்லை. தேர்வில் அளவு கேட்டால் "விதியில் அளவு இல்லை" என்றே எழுதுங்கள்.