மாற்றித் தருகிறேன்

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்ப் மோட்டார் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். என் மின்னஞ்சல்களில் ‘நான்’, ‘நாங்கள்’ இரண்டும் கலந்து வருவதாக மேலாளர் குறை சொல்கிறார். முழுக்க ‘நாங்கள்’ என்றே எழுதச் சொல்கிறார். அப்படி எழுதினால் இயந்திரம் பேசுவதுபோல இருக்கிறது. எது சரி? முடிவில் ‘அன்புடன்’ போடலாமா, ‘இப்படிக்கு’தான் போட வேண்டுமா? நேற்று எழுதிய ஒன்றைக் கீழே தந்திருக்கிறேன்.

“உங்கள் மோட்டாரைப் பார்த்தேன். காயில் எரிந்திருப்பதை உறுதி செய்கிறோம். வாரண்டியில் மாற்றித் தருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வைக்கிறோம். தாமதத்துக்கு வருந்துகிறேன். விரைவில் முடிப்போம்.”

ச., கோவை

அன்புள்ள ச.,

‘அன்புடன்’, ‘இப்படிக்கு’ எதை வேண்டுமானாலும் போடுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரும் பதவியும் நிறுவனத்தின் பெயரும் இருந்தால் போதும். மேலாளர் சொல்வதில் பாதி சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். “மாற்றித் தருகிறேன்” என்ற உங்கள் வரியைப் படித்ததும் வேறு வேலை ஓடவில்லை.

இளவயதில் நானும் உங்கள் நாற்காலியில் இருந்தவன். உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு, “குறையுள்ள பாகத்துக்கான பணத்தைத் திருப்பித் தருகிறேன்” என்று எழுதினேன். அவருடைய கடிதத்தைப் படித்துவிட்டு மனம் இளகி எழுதியது. யாரையும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அவரே வந்தார். சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான்காக மடித்தது, மடிப்பில் வியர்வை பட்டு மை கலைந்திருந்தது. உள்ளே போய் அதிகாரியிடம் காட்டினேன். அவர் அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “தருகிறேன்னுதானே எழுதியிருக்கே? தருகிறோம்னு இல்லையே. நீ சொன்னதை நீயே பார்த்துக்கோ” என்றார். வெளியே வந்தபோது விவசாயி எழுந்து நின்றார். “நீங்க எழுதுன காயிதத்த நம்பித்தானுங்க வந்தேன்” என்றார். அந்தப் பணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். நான் தரவில்லை. என்னிடம் இல்லை. அவர் அந்தக் காகிதத்தைத் திரும்பவும் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த அதிகாரி சொன்னது அநியாயம். நிறுவனத் தாளில், பதவியின் பெயரில் ஊழியர் எழுதினால் அது நிறுவனத்தின் பேச்சு என்றுதான் எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 230ஆவது பிரிவைப் பாருங்கள். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்காக ஒப்பந்தம் செய்யும் முகவர் அதற்குத் தனிப்பட்ட முறையில் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. முதலாளி யார் என்று அவர் சொல்லாமல் விட்டால் அந்த அனுமானம் தலைகீழாகிவிடும். கையெழுத்துக்குக் கீழே நிறுவனத்தின் பெயர் வேண்டும் என்று சொன்னது அதனால்தான். ஆனால் பல்லடத்துக்காரர் சட்டப் புத்தகத்தோடு வரவில்லை. தகராறு வரும் நாளில் எல்லோரும் வினைமுற்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறேன். அதில் ‘நான்’ என்ற சொல்லும் இல்லை, ‘நாங்கள்’ என்ற சொல்லும் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்குப் பழக்கம். ஆளைச் சொல்வது விகுதிதான். வினைமுற்றுகளை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள்: ஏன், ஓம், ஏன், ஓம், ஏன், ஓம். ஆறு வாக்கியத்தில் ஐந்து முறை ஆள் மாறியிருக்கிறார். ஒன்றிலாவது யோசித்து மாற்றினீர்களா? இல்லை, வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “இதைச் செய்தது யார், இனி செய்யப்போவது யார்?” என்று கேளுங்கள். மோட்டாரைப் பார்த்தது நீங்கள், அங்கே ‘ஏன்’ சரி. காயில் எரிந்ததை உறுதி செய்தது யார்? மோட்டாரைக் கழற்றிய சர்வீஸ் ஆள். அவர் பார்த்ததை நிறுவனத்தின் வாயால் சொல்கிறீர்கள், அது ‘ஓம்’. வாரண்டியில் மாற்றுவது உங்கள் அதிகாரத்தில் இல்லை, அங்கே ‘ஏன்’ வரவே கூடாது. பணம், மாற்றுப் பொருள், கெடு இந்த மூன்றும் எப்போதும் நிறுவனத்தின் வாக்கு. உங்கள் கையால் செய்ததும், நீங்களே செய்யப்போவதும், உங்கள் தவறுக்கு வருந்துவதும் உங்களுடையவை. உங்கள் மேலாளர் சொல்வதுபோல இவற்றையும் ‘ஓம்’ ஆக்கினால் வாடிக்கையாளருக்குக் கூப்பிட ஒரு ஆள் இல்லாமல் போய்விடும். இரண்டுக்கும் பயந்து “அனுப்பி வைக்கப்படும்” என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். யார் அனுப்புவார் என்று அதில் தெரியாது.

கடைசி வரி “முடிப்போம்”தான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. யார் முடிப்போம்? நாமா, நாங்களா? நன்னூல், அம், ஆம் என்ற விகுதிகள் முன்னிலையாரைத் தன்னோடு சேர்க்கும் என்றும், எம், ஏம், ஓம் படர்க்கையாரைச் சேர்க்கும் என்றும் பிரித்து வைத்தது. அதற்குத் ‘தன்மைப் பன்மை’ என்று பெயரும் சொன்னது. இன்றைக்கு அந்தப் பிரிவினை விகுதியில் இல்லை. “நாம் முடிப்போம்” என்றாலும் ஓம்தான், “நாங்கள் முடிப்போம்” என்றாலும் ஓம்தான். கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது முன்னால் நிற்கும் நாம், நாங்கள் என்ற சொல்லில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதையும் நீங்கள் விட்டுவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? மோட்டாரை அவர் கொண்டுவந்து தர வேண்டுமா, நீங்கள் ஆள் அனுப்புவீர்களா? பில் நகலைத் தேடி எடுத்து வைக்க வேண்டுமா? “முடிப்போம்” என்று படித்தவர் தன் பங்கு ஏதோ இருக்கிறது என்று காத்திருப்பார், அல்லது ஒன்றுமே இல்லை என்று சும்மா இருந்துவிடுவார். அதனால் ஆள் மாறும் இடத்தில் எல்லாம் எழுவாயை எழுதிவிடுங்கள். ‘நாம்’ என்பதை இரண்டு பேரும் சேர்ந்து செய்ததற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வியாழக்கிழமை நாம் பேசிய மோட்டாரை நான் பார்த்தேன். எங்கள் சர்வீஸ் பிரிவு கழற்றிச் சோதித்ததில் காயில் எரிந்திருக்கிறது. வாரண்டியில் நாங்கள் மாற்றித் தருகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் புது மோட்டாரை அனுப்பிவிடுவோம். நீங்கள் பில் நகலை மட்டும் அனுப்பி வையுங்கள்.

பதில் எழுதத் தாமதித்தது நான், மன்னியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நானே உங்களை அழைத்து, வந்து சேர்ந்ததா என்று கேட்கிறேன்.”

முதல் பத்தியில் கொடுத்த வாக்கெல்லாம் நிறுவனத்துடையது, இரண்டாவது முழுக்க நீங்கள். இடையில் ஒரு வரி இடைவெளி. இதில் எங்கேயாவது இயந்திரம் பேசுகிறதா, சொல்லுங்கள்.

அந்த மின்னஞ்சல் நேற்றே போய்விட்டதென்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இன்று காலையிலேயே மேலாளரிடம் போய், மாற்றித் தர அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த வாடிக்கையாளருக்கு இன்னொன்று எழுதுங்கள்: “மாற்றித் தருகிறேன் என்று நேற்று நான் எழுதியதை எங்கள் நிறுவனமும் உறுதி செய்கிறது, நாங்கள் மாற்றித் தருகிறோம்.” அனுமதி தர மாட்டோம் என்று சொல்லிவிட்டால், அதையும் இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள் அம்மா. அவர் பஸ் ஏறி வரும்வரை விட்டுவிடாதீர்கள்.