லேபிளில் எழுத்துப்பிழை: படத்தையும் எழுத்தையும் பிரித்துவிடுங்கள்

“‘கொத்தமல்லித் தொக்கு’ என்று தெளிவாகக் கொடுத்தும், லேபிளுக்குப் படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒவ்வொரு முறையும் எழுத்தைச் சிதைக்கிறது. என்ன செய்யலாம்?”

வணக்கம். இக்கருவிகளில் பெரும்பாலானவை சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. அதைத் துண்டுகளாக்கி, அவற்றோடு பொருந்தும் தோற்றத்தை வரைகின்றன. ‘தொ’வில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும் என்பது அவற்றுக்கு விதியாகத் தெரியாததால், கொம்பு விழுந்து உங்கள் தொக்கு ‘தாக்கு’ ஆகிவிடக்கூடும் (காரம் அதிகமென்றால் பொருத்தம்தான்). எழுத்து சிறிதாகவும் வரி நீளமாகவும் ஆக, பிழையும் கூடும்.

ஆகவே ஜாடி, மல்லித்தழை, பின்னணி ஆகியவற்றை மட்டும் வரையச் சொல்லி, நடுவில் எழுத்தே இல்லாத வெளிர்நிறப் பட்டை ஒன்றைக் கேளுங்கள். பெயரை ‘கொத்தமல்லி’, ‘தொக்கு’ என இரண்டு வரியாகப் பிரித்தால் பட்டை அகலமாக இருக்க வேண்டியதில்லை. அவ்வரிகளை இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

சேர்பொருள்கள், நிகர எடை, தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைக் கருவியிடம் விடவே கூடாது. எழுத்துப்பிழையாவது கண்ணில் படும். மாறிப்போன இலக்கம் அசலைப் போலவே தெரியும் என்பதால், அந்த எண்ணை உரிமச் சான்றிதழோடு வைத்துச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.