ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலத்தை டம்ளரில் கலக்கலாமா?

கேள்வி: ஒன்றரை வயதுப் பையனுக்கு நேற்றிலிருந்து பேதி. ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலந்து கொடுத்தால் போதுமா? எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

பதில்: அப்படிக் கலக்காதீர்கள். பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிட்டிருக்கும். சுகாதார நிலையத்தில் தரும் பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கானது. கடையில் 200 மில்லிக்கான சின்னதும் உண்டு. எதுவானாலும் பொட்டலம் முழுவதையும் அதற்குரிய தண்ணீரில் ஒரே தடவையில் கொட்டிக் கரைக்க வேண்டும். உள்ளே குளுக்கோஸும் இரண்டு மூன்று வகை உப்புகளும் கலந்திருக்கின்றன. கண்ணளவில் பிரித்தால் ஒரு டம்ளரில் உப்பு கூடும், இன்னொன்றில் குறையும்.

தேவகோட்டைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். நம் பக்கத்து வீடுகளில் சீர் வந்த சொம்பும் டம்ளரும் நிறைய இருக்கும், ஆனால் ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இருக்காது. அதனால் சொம்பை நம்பாதீர்கள். 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, அதால் அளந்து ஊற்றுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நல்லது. பால், ஜூஸ், சர்க்கரை எதையும் சேர்க்க வேண்டாம். கலந்ததை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

அளவில் ஏன் இவ்வளவு கறார் என்றால், குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து போனால்தான் குடல் இரண்டையும் உள்ளே இழுக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். கரைசல் கெட்டியானால் இது தலைகீழாகிவிடும். உடம்பில் இருக்கும் தண்ணீர் குடலுக்குள் வந்து பேதி கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும்.

ஒரு தடவை 10 மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். 8 கிலோ இருந்தாள். திருவிழாவுக்கு ஆயா வீட்டுக்கு வந்த இடத்தில் பேதி. ஆயா ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டர்ச் சொம்பில் கரைத்திருந்தார். "குடிக்கக் குடிக்க இன்னும் கேட்டு அழுகிறாளே, தாகம் அடங்கவே இல்லை" என்றார் தாய். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. சரியாகக் கலந்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது. கண் குழிந்திருந்தது, எரிச்சலோடு நெளிந்தாள், ஆனால் ஆவலாகக் குடித்தாள். இது நடுத்தர நீரிழப்பு. கிலோவுக்கு 75 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் 600 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லி கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று கொடுத்தால் கணக்கு சரியாக வரும். புதிதாகக் கலந்து அப்படியே கொடுக்கச் சொன்னேன். நடுவில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். 10 நிமிடம் விட்டு, அப்புறம் இன்னும் மெதுவாகத் தொடர்ந்தோம். இடையிடையே தாய்ப்பாலும் குடித்தாள். நாலு மணி நேரம் முடியுமுன் நன்றாகச் சிறுநீர் போனாள்.

உங்கள் பையன் விளையாடிக்கொண்டு இருக்கிறான், கண் குழியவில்லை என்றால், ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கேட்டு வாங்கி, பேதி நின்றாலும் 14 நாள் கொடுங்கள். பொட்டலமே கிடைக்காத இரவானால் 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி அளந்து கலக்கலாம். விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிடுங்கள்.

இனி ஓட வேண்டிய நேரம். நான் முதலில் பார்ப்பது குழந்தையின் விழிப்பை. துவண்டு கிடக்கிறதா, கூப்பிட்டால் கண் திறக்காமல் மயங்குகிறதா? குடிக்க முடியவில்லையா, குடித்தாலும் உதட்டோரம் வழிகிறதா? கண் குழிந்துவிட்டதா? பிறகு தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே, உடம்பின் நீளவாக்கில், தோலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மடித்துப் பிடித்து விடுங்கள். நல்ல நிலையில் உடனே படிந்துவிடும். மடிப்பு 2 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால் ஆபத்து. ரொம்ப மெலிந்த பிள்ளைக்கும் கொழுகொழு பிள்ளைக்கும் இந்தச் சோதனை ஏமாற்றும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த நான்கில் இரண்டு இருந்தால் கடுமையான நீரிழப்பு. நரம்பில் சலைன் ஏற்றியாக வேண்டும், 108ஐக் கூப்பிடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், வலிப்பு, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

போகும் வழியில் விழித்திருந்து விழுங்க முடிந்தால் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.