அத்தான் துபாயிலிருந்து அனுப்பிய பணத்துக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது?

கேள்வி: வணக்கம் சார். அம்பாசமுத்திரத்தில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு 2.20 லட்சம் மிஞ்சும், அதனால் ரிட்டர்ன் போட்டதில்லை. 2022-இல் பாளையங்கோட்டையில் 38 லட்சத்துக்கு வீடு வாங்கினேன். அதில் 25 லட்சம் அக்கா வீட்டு அத்தான் துபாயிலிருந்து நாலு தவணையாக அனுப்பியது. அங்கே 14 வருஷமாக வேலை, சம்பளம் 9,000 திர்ஹம். பெரியப்பா மகன், சிங்கப்பூர் அண்ணன், 5 லட்சம் பேங்கில் போட்டான். உண்டியல் வழியாகவும் அத்தான் 3 லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். மிச்சம் என் சேமிப்பு. இப்போது இந்தப் பணத்துக்கு விளக்கம் கேட்டு வருமான வரித் துறையிலிருந்து 148ஏ நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய தேதி போட்டு தானப் பத்திரம் எழுதிவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் தம்பி. முத்திரைத்தாளைத் திருப்பிப் பாருங்கள், விற்றவர் முத்திரை, வரிசை எண், வாங்கினவர் பெயர், விற்ற தேதி எல்லாம் இருக்கும். பழைய தாள் எங்கிருந்தோ கிடைத்தாலும், "2022 ஜூனில் பாளையங்கோட்டையில் வைத்து எழுதிக்கொடுத்தேன்" என்று பத்திரம் சொல்லும், அத்தான் பாஸ்போர்ட்டோ அந்த மாதம் முழுக்க அவர் துபாயில் இருந்ததாகச் சொல்லும், அந்தப் பாஸ்போர்ட் நகலையும் நீங்களே இணைத்திருப்பீர்கள்! இப்படி ஒரு ஃபைல் என்னிடம் வந்தது. தானம் உண்மை, பணமும் பேங்க் வழியாகத்தான் வந்தது, ஆனால் அந்த ஒரு தாளால் எதையும் நம்ப மாட்டேன் என்றார் அதிகாரி.

தேவையும் இல்லை. பணம் அசையும் சொத்து. சொத்து மாற்றுச் சட்டம் 123-வது பிரிவுப்படி ஒப்படைத்தாலே அதன் தானம் முடிந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. உங்கள் அக்கவுண்டில் பணம் விழுந்து நீங்கள் ஏற்றுக்கொண்ட அன்றே அது முடிந்தாயிற்று. ஆகவே இன்றைய தேதியிலேயே "முன்பு கொடுத்த தானத்தை உறுதி செய்கிறேன்" என்று ஒரு பத்திரம் போதும். அத்தான் அதில் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு சான்று வாங்கட்டும். நாலு தவணைக்கும் தேதி, தொகை, அனுப்பிய ரெஃபரன்ஸ் எண், எந்த அக்கவுண்டிலிருந்து எந்த அக்கவுண்டுக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரியும், நீங்கள் ஏற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

ஆனால் பத்திரம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கொடுத்தவர் யார், அவருக்கு அவ்வளவு வசதி உண்டா, கொடுத்தது நிஜமா என்று மூன்றைப் பார்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பேங்க் வழியாகவே வந்த தானத்தைக்கூட நம்ப மறுத்தது சரிதான் என்று, நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேங்கில் வந்துவிட்டது, போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

யார் என்பது லேசு. உங்கள் பாஸ்போர்ட், அக்கா பாஸ்போர்ட் இரண்டின் கடைசிப் பக்கத்திலும் ஒரே அப்பா அம்மா பெயர் இருக்கும், அக்கா பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் கல்யாணப் பதிவுச் சான்று. உடன்பிறந்தவளின் கணவர் வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் வருகிறார், அவர் எவ்வளவு கொடுத்தாலும் உங்களுக்கு வரி இல்லை.

சிக்கல் வசதியில்தான். அதிகாரி போடப்போகிற கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 2022-இல் திர்ஹம் சுமார் 21.50 ரூபாய் என்று வைத்தால் 25 லட்சம் என்பது 1,16,000 திர்ஹம், அதாவது 13 மாதச் சம்பளம், செலவே இல்லாமல். மாதம் 3,000 மிச்சம் பிடித்திருந்தால் 39 மாதம் ஆகும். அப்படியென்றால் 2022-க்கு மட்டும் ஸ்டேட்மென்ட் கொடுத்தால் போதாது, குறைந்தது 2019-இலிருந்து சம்பளக் கணக்கு வேண்டும், அல்லது இங்கே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ டெபாசிட் முறித்திருந்தால் அதன் ரசீது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால் காட்ட ரிட்டர்ன் இருக்காது, அதற்குப் பதில் கம்பெனியின் சம்பளச் சான்றும் வேலை ஒப்பந்தமும். அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கணக்கில் யாராவது ரொக்கம் கட்டியிருந்தால் அந்த வரவில்தான் கேள்வி வரும், அது யார் பணம் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாஸ்புக்கைப் பாருங்கள், அங்கே பணம் அனுப்பித் தரும் எக்ஸ்சேஞ்ச் மூலம் வந்த பணத்துக்கு நேரே அந்த எக்ஸ்சேஞ்சின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும், அத்தான் பெயர் இருக்காது. அதனால் அவர் கவுன்டரில் வாங்கிய நாலு ஸ்லிப்பும் வேண்டும், தொலைந்திருந்தால் எக்ஸ்சேஞ்சில் நகல் கேட்கச் சொல்லுங்கள், இங்கே உங்கள் பேங்கில் வெளிநாட்டுப் பணவரவுச் சான்று கேளுங்கள். அவர் கணக்கிலிருந்து எடுத்த தேதி, ஸ்லிப் தேதி, உங்கள் வரவு தேதி மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஒன்று: அனுப்பும்போது காரணக் குறியீடு P1301, அதாவது குடும்பச் செலவு, என்று போட்டிருப்பார்கள். தானத்துக்கு P1302. குறியீடு வேறாக இருந்தால் மறைக்காமல், கவுன்டரில் வழக்கமாகப் போடுவது இதுதான், கொடுத்தது வீட்டுக்கான தானம் என்று அத்தான் பத்திரத்திலேயே ஒரு வரி சொல்லிவிடட்டும்.

சரி, சிங்கப்பூர் அண்ணன். நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன்தான், சட்டத்துக்கு அப்படி இல்லை. பெரியப்பா உறவினர், அவருடைய மகன் உறவினர் இல்லை. உறவினர் அல்லாதவர்கள் தந்தது வருஷத்தில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. அதை இப்போது கடன் என்று மாற்றி எழுத வேண்டாம். அவர் கொடுத்ததை நிரூபித்துவிட்டால் சாதாரண விகிதம்தான்: கடை வருமானம் 2.20 லட்சத்தோடு சேர்த்து 7.20 லட்சம், பழைய முறையில் வரி சுமார் 59,000 ரூபாய், வட்டி தனி. நிரூபிக்காமல் விட்டால் கணக்கில் காட்டாத பணத்துக்கான 60 சதவீதம், அதன் மேல் சர்சார்ஜ், செஸ் சேர்ந்து 78 சதவீதம், அந்த 5 லட்சத்துக்கு 3.90 லட்சம். ஆகவே அவரிடமும் சம்பளக் கணக்கு, உறுதிப் பத்திரம் வாங்குங்கள். இப்போது வந்திருப்பது விளக்கம் கேட்கும் 148ஏ, அடுத்து கணக்கைத் திரும்பத் திறக்கும் 148-வது பிரிவு நோட்டீஸ் வந்தால் (இந்த 5 லட்சத்துக்காகவே வரும் என்றுதான் நினைக்கிறேன்) அப்போது போடும் ரிட்டர்னில் இதை வருமானமாகக் காட்டிவிடலாம்.

உண்டியல் 3 லட்சத்தை அத்தான் பத்திரத்தில் நுழைத்து 28 என்று எழுதாதீர்கள், பேங்கில் தெரிவது 25, அந்த 3 லட்சத்தோடு சேர்த்து இந்த 25-ஐயும் சந்தேகிப்பார்கள். உண்டியல் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், தந்தவர் உறவினரே ஆனாலும், வாங்கிய அளவுக்கே அபராதம் உண்டு. இந்தத் தொகையைப் பற்றி மட்டும் பதிலில் ஒரு வரி எழுதுமுன் ஒரு வக்கீலிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், பொய்யாக ஒரு வரவை உண்டாக்கிச் சொல்லாதீர்கள். உங்கள் சேமிப்பு 5 லட்சத்துக்குப் பழைய பாஸ்புக், நகைக்கடன் ரசீது என்று எது நிஜமாக இருக்கிறதோ அது.

நோட்டீஸில் பதில் தேதி இருக்கும். தூதரகச் சான்று அதற்குள் வராது, அதனால் போர்ட்டலில் Pending Actions, அதற்குள் e-Proceedings போய் அவகாசம் கேட்டு இன்றைக்கே ஒரு விண்ணப்பம் போடுங்கள், கையில் இருக்கும் பாஸ்புக் நகலையும் கிரயப் பத்திரத்தையும் அதோடு ஏற்றிவிடுங்கள். இன்றிரவே அக்காவுக்கு போன் போட்டு அந்த நாலு ஸ்லிப்பையும் தேடச் சொல்லுங்கள்.