கருவாடும் பழைய சோறும் தாமசமா?

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் மண்டபத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரைக்கு வந்தால் பகல் முழுதும் தூங்குவார். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு பழைய சோறும் கருவாடும்தான். நான் போய்வரும் கீதை வகுப்பில், மீன், கருவாடு, பழையது, பகல் தூக்கம் எல்லாமே தமோகுணம், இவற்றில் பழகியவர்களுக்கு மனம் தெளியாது என்று சொன்னார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பதையும், பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடப்பதையும் பார்க்கும்போது, அது உண்மைதானோ என்று பயமாக இருக்கிறது. உணவை மாற்றினால் குணம் மாறுமா?

— ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரிக்கு,

கீதையில் உணவும் குணமும் சேர்த்துப் பேசப்படும் இடம் பதினேழாம் அத்தியாயம், 7 முதல் 10 வரையுள்ள சுலோகங்கள். அவற்றை வகுப்பில் சொன்ன பட்டியலோடு வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது, அங்கே மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு என்று எந்தப் பொருளின் பெயரும் இல்லை என்பதுதான். சாறுள்ளது, நெய்ப்பசையுள்ளது, உடலில் நிலைத்து வலு தருவது, மனத்துக்கு இதமானது ஆகியவை சத்துவ இயல்புள்ளவருக்குப் பிரியமானவை. மிகுந்த கசப்பு, புளிப்பு, உப்பு, சூடு, காரம், வறட்சி, எரிச்சல் உடையவை ரஜோகுணம் உள்ளவர் விரும்புபவை. நேரம் கடந்தது, சுவை போனது, நாறுவது, முந்தின இரவைக் கடந்தது, எச்சில், வேள்விக்கு ஆகாதது ஆகியவை தமோகுணம் உள்ளவருக்குப் பிரியமானவை என்றுதான் கண்ணன் சொல்கிறான். பேச்சு முழுவதும் உணவின் தன்மையைப் பற்றியும், அதை ஒருவர் நாடுவதைப் பற்றியும் நடக்கிறது. இன்ன மீனைத் தின்பவன் இன்ன குணத்தான் என்று அங்கே விதிக்கப்படவில்லை.

இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. வேள்விக்கு ஆகாதது என்ற கடைசிச் சொல்லுக்குள் புலால் முழுவதையும் அடக்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்த மரபில் நின்று உங்கள் வகுப்பாசிரியர் பேசியிருந்தால் அதற்கு இடம் இருக்கிறது. பழைய சோற்றைப் பொறுத்தவரையும், ஓர் இரவைக் கடந்த சமைத்த உணவு என்றுதான் சங்கரர் தம் உரையில் பொருள் சொல்கிறார். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் நீரில் ஊறிய சோறு அதில் அடங்கிவிடும். ஆனால் இராமானுஜர் அதே இடத்தில், காலம் கடந்ததால் வேறு சுவை ஏறிப்போனது என்று உரை செய்கிறார். காலையில் இலேசாகப் புளித்து, மோர் விட்டுக் கரைத்தால் வயிற்றைக் குளிர்விக்கும் பழையதும், நூல் விட்டு, மேலே நுரை கட்டி, பானையைத் திறந்ததும் முகத்தைத் திருப்ப வைக்கும் ஊசிப்போன சோறும் ஒன்றல்ல என்பது சமைக்கிற உங்களுக்குத் தெரியும். முதலாவதைத் தள்ளும் கட்டாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டாவதை எந்த உரைகாரரும் காப்பாற்ற மாட்டார்.

கருவாட்டை இதைவிட நுட்பமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கரையில் அதைத் தாமசம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மீனைக் கீறிக் குடல் நீக்கி, கழுவி, உப்பிட்டு, வெயிலில் காயவைப்பதே அது கெடாமல் இருக்கத்தான். நன்றாகக் காய்ந்தது கையில் எடுத்தால் இறுகி இருக்கும், விரலில் பிசுபிசுக்காது. ஈரம் தங்கினாலோ, உப்பிட்ட சதையின்மேல் இளஞ்சிவப்பாக ஒரு படலம் படர்ந்தாலோ, பக்கத்தில் கொண்டுபோகும்போதே நெடி மூக்கைக் குத்தினாலோ அது கெட்டுவிட்டது. நாறுவது என்று பத்தாம் சுலோகம் சொல்வது அதற்குத்தான் பொருந்தும். நல்ல கருவாடு பொருந்துவது ஒன்பதாம் சுலோகத்துக்கு. மிகுந்த உப்பு, மிகுந்த வறட்சி, அதோடு நாம் சேர்க்கும் மிளகாயின் காரம், புளி, எல்லாம் அந்தப் பட்டியலில் வரிசையாக இருப்பவை. ஆகவே கீதையின் கணக்கில் அது தமஸைவிட ரஜஸுக்கே நெருக்கமானது என்பது என் முடிவு. மிகுதி என்ற அடையை அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சங்கரரே எழுதியிருப்பதையும் கவனியுங்கள். உப்பும் காரமும் குற்றமல்ல, அவை அளவு மீறுவதுதான் குற்றம். உப்புக் கருவாட்டை வெந்நீரில் போட்டு, இரண்டு முறை நீர் மாற்றி அலசிவிட்டுக் குழம்பு வைத்தால், தாகத்தையும் நெஞ்செரிச்சலையும் தந்து பகல் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதி பெருமளவு போய்விடும். நீங்கள் சமையலில் செய்யத்தக்க மாற்றம் இவ்வளவே.

அடுத்தது தூக்கம். பதினான்காம் அத்தியாயம் தமஸ் கட்டும் கயிறுகளாகக் கவனமின்மை, சோம்பல், உறக்கம் மூன்றையும் சொல்வது உண்மை. ஆனால் ஆறாம் அத்தியாயத்தில் அதே கண்ணன், அதிகம் உறங்குபவனுக்கும் ஒரேயடியாக விழித்திருப்பவனுக்கும் யோகம் இல்லை என்கிறான். இரவு முழுதும் வலை போட்டு, இழுத்து, மீனைத் தரம் பிரித்துவிட்டு வந்தவர் பகலில் உறங்குவது இரவுக் கடனை அடைப்பது. தமஸின் உறக்கத்தை வேறு விதமாகக் கண்டுகொள்ளலாம். உழைப்புக்குப் பின் வரும் உறக்கத்தில் இருந்து எழுகிறவர் முகம் கழுவியதும் தெளிந்து, நாளைக்கு ஐஸ் ஏற்றியாயிற்றா என்று கேட்பார். தமஸின் உறக்கத்தில் இருந்து எழுகிறவர் படுத்தபோது இருந்ததைவிடக் கனத்துப்போய் எழுவார், மறுபடியும் படுக்கவே இடம் தேடுவார்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றிய தடைக்காலத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களிலும் அவர் சாப்பிடுவது ஏறக்குறைய அதே சாப்பாடுதான். ஆனாலும் மனம் இரண்டு முறை மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் தட்டில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாங்கியத் தத்துவ நூலான சாங்கிய காரிகை மூன்று குணங்களின் தொழிலையும் சுருக்கமாகச் சொல்கிறது. சத்துவம் இலேசானது, விளக்கிக் காட்டுவது. ரஜஸ் அசைவது, மற்றவற்றைத் தூண்டி இயக்குவது. தமஸ் கனமானது, மூடி மறைப்பது. எண்ணெயும் திரியும் சுடரும் ஒன்றுக்கொன்று மாறானவையாக இருந்தும் சேர்ந்து வெளிச்சம் தருவதுபோல மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் உள்ள மனிதர் கிடையாது. ஒன்று மற்ற இரண்டையும் அமுக்கி மேலெழுவதும், பிறகு அது அமுங்குவதும்தான் நடக்கிறது என்று கீதையும் சொல்கிறது. உங்கள் கணவரின் தொழில் ரஜஸால் நடப்பது. டீசல், ஐஸ், வலை, காற்று, எல்லை, அன்றைய மீன் விலை என்று மனம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் அது. தடை தொடங்கிய நாளில் வேலை நின்றுவிடுகிறது, ஓட்டம் நிற்பதில்லை. போகும் இடமற்ற அந்த ஓட்டம்தான் முதல் சில வாரங்களின் சிடுசிடுப்பு. ஆசை, பரபரப்பு, அமைதியின்மை என்று பதினான்காம் அத்தியாயம் ரஜஸுக்குச் சொல்லும் அடையாளங்களை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். வருமானம் இல்லை, கடன் ஏறுகிறது, தன் கையால் ஆவது எதுவும் இல்லை என்ற எண்ணம் படியப் படிய அந்த ஓட்டமும் தீர்ந்துபோய், தமஸ் மேலே வருகிறது. விளக்கம் இன்மை, முயற்சி இன்மை, கவனம் தவறுதல், மயக்கம் என்ற நான்கும் அதற்குரியவை.

இந்த இடத்தில்தான் நல்லெண்ணம் உள்ளவர்கள்கூடத் தவறான மருந்தைக் கொடுக்கிறார்கள். படுத்துக்கிடப்பவரிடம் தியானம் செய்யுங்கள், சாத்துவிக உணவாகச் சாப்பிடுங்கள் என்கிறார்கள். தமஸும் சத்துவமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே அமைதியாக இருப்பதால் நேரும் குழப்பம் இது. அர்ஜுனன் வெற்றியும் அரசும் சுகமும் வேண்டாம் என்று பேசி வில்லைக் கீழே போட்டபோது அது துறவின் மொழியாகவே ஒலித்தது. கண்ணன் அதை நெஞ்சின் தளர்ச்சி என்று அழைத்து, எழுந்திரு என்றுதான் சொன்னான். தமஸில் கிடப்பவரை அசைக்கும் ஆற்றல் ரஜஸுக்கே உண்டு, ஏனென்றால் மற்ற இரண்டையும் இயக்குவதே அதன் தொழில். சத்துவம் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆகவே உங்கள் கணவருக்கு முதலில் வேண்டியது கையும் கண்ணும் சேர்ந்து ஈடுபடும் வேலை. தடைக்காலத்தில் கரையில் அத்தகைய வேலை இல்லாமல் இல்லை: கிழிந்த வலையைச் சீர்செய்வது, படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பது, வண்ணம் பூசுவது, இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது. பெரிய வேலையாக எடுத்துச் சொன்னால் தமஸ் அதைத் தள்ளிப்போடும். வலையில் இந்த ஓரத்தை மட்டும் இன்று முடிப்பது என்று சிறியதாக, காலை வெயில் ஏறும் முன், முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து உட்காரும்படி அமையுங்கள். முடித்ததும் அடுத்த ஓரத்தைத் தானாகவே எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் ரஜஸ் திரும்பிவிட்டது. பிறகு, செய்கிற வேலையிலேயே பேச்சும் சிடுசிடுப்பும் அடங்கி, முடிச்சு முடிச்சாக மனம் நிற்கும் பொழுதுகள் வரும். வகுப்பில் சொல்லும் தெளிவு அதுதான், வலையின் முன் உட்கார்ந்தபடியே அவருக்கு அது கிடைக்கும்.

முக்குணக் கணக்கு மனத்தின் போக்கைக் கவனிப்பதற்கான கருவி, நோய் கண்டறியும் முறை அல்ல. வேலை கொடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் அவர் எழாமல் கிடந்தால், சாப்பாடும் இரவுத் தூக்கமும் குறைந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், தமோகுணம் என்று பெயர் வைத்துக் காத்திருக்காமல் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று பேசினால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றே செல்லுங்கள்.