பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி தவறு: தலைமை ஆசிரியருக்கு எப்படி எழுதுவது?

காரைக்குடியில் ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் பிறந்த தேதியைத் தப்பாகப் பதிந்திருக்கிறார்கள். ஹெச்.எம்.முக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

கதை வேண்டாம், இவ்வளவு போதும்:

"சேர்க்கைப் பதிவேட்டில் என் மகளின் (சேர்க்கை எண் ...) பிறந்த தேதி 07.06.2011 என உள்ளது. இணைத்துள்ள பிறப்புச் சான்றிதழின்படி அதை 06.07.2011 எனத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நாளும் மாதமும் இப்படி இடம் மாறியிருந்தால், பக்கத்திலேயே '2011 ஜூலை 6' என்று எழுத்திலும் போடுங்கள். இல்லாவிட்டால் திருத்துபவரும் அதே இடத்தில் தடுமாறுவார். சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று முன்னாலேயே பாருங்கள். அதில் இடித்தால் தேதி வேலையும் நின்றுவிடும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவிலும் மாற்றச் சொல்லிக் கடிதத்திலேயே கேளுங்கள்.

அப்புறம், தள்ளிப்போடாதீர்கள். பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் வந்துவிட்டால் விஷயம் தலைமை ஆசிரியர் கையை விட்டுப் போய்விடும். கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.