ஒரு பீஸ் லாபத்தை மட்டும் பார்த்துத் தைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் சிறிய தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரே பிரிண்ட் காட்டன் துணியில் நைட்டியும் சுடிதார் டாப்பும் தைக்கிறோம். துணிக்கடைக்காரர் வாரம் 900 மீட்டர் வரை கடன் தருவார். 5 பேர் சேர்ந்து வாரத்துக்கு 200 மணி நேரம் தைக்கிறார்கள். நைட்டிக்கு 3 மீட்டர், அரை மணி நேரம். துணி, கூலி, நூல் எல்லாம் போக 60 ரூபாய் நிற்கும். டாப்புக்கு 2 மீட்டர், 1 மணி நேரம். 90 ரூபாய் நிற்கும். 2 லட்சம் முதல் போட்டிருக்கும் பெரியப்பா மகன், டாப் மட்டும் தைக்கச் சொல்கிறார். ஆப்பில் கடன் எடுத்துத் துணியும் வாங்கிப் போடச் சொல்கிறார். அண்ணனிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: உங்கள் அண்ணன் 90 பெரிதா, 60 பெரிதா என்று பார்க்கிறார். பீஸ் ஒன்றுக்கு என்ன நிற்கிறது என்பதை வைத்து உற்பத்தியை முடிவு செய்யும் இந்தப் பழக்கம்தான் உங்கள் யூனிட்டின் பணத்தைத் தின்கிறது. உங்களிடம் அளவோடு இருப்பவை துணியும் தையல் நேரமும். ஆகவே அவை ஒவ்வொன்றும் எவ்வளவு சம்பாதித்துத் தருகின்றன என்றுதான் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 2 நைட்டி தைத்தால் 120 ரூபாய், டாப் தைத்தால் 90 ரூபாய்தான். துணிக் கணக்கில் இது தலைகீழாகும்: ஒரு மீட்டருக்கு நைட்டி 20 ரூபாயும் டாப் 45 ரூபாயும் தருகின்றன. நேரத்தில் நைட்டியும் துணியில் டாப்பும் முந்துவதால், இரண்டையும் கலந்து தைப்பதே உங்களுக்குப் பொருந்தும்.

டாப் மட்டும் தைத்தால் 200 மணி நேரமும் தீர்ந்து 200 டாப் கிடைக்கும். வருவது 18,000 ரூபாய், தொடாமல் கிடக்கும் துணி 500 மீட்டர். நைட்டி மட்டும் தைத்தால் 300 நைட்டியோடு துணி தீர்ந்துவிடும். 50 மணி நேரம் வீணாகி, அதே 18,000 ரூபாய்தான் வரும். மாறாக 250 நைட்டியும் 75 டாப்பும் தைத்துப் பாருங்கள். துணி 750-ம் 150-ம் சேர்ந்து 900 மீட்டர், நேரம் 125-ம் 75-ம் சேர்ந்து 200 மணி. இரண்டும் மிச்சமின்றிப் பயன்பட்டு, கையில் 21,750 ரூபாய் நிற்கும். வாரம் 3,750 ரூபாய் கூடுதல், அதுவும் ஒரு ரூபாய் புதுக்கடன் இல்லாமல்.

“அண்ணா, நீங்கள் சொல்கிறபடி டாப் மட்டும் தைத்தால் இருக்கிற துணியிலேயே 500 மீட்டர் மிஞ்சுகிறது, பிறகு கடனுக்குத் துணி எதற்கு?” என்று அவரிடம் கேளுங்கள். அவருடைய திட்டப்படி கடனில் வாங்கும் துணி ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காது. வட்டி மட்டும் ஓடும். சில நிமிடங்களில் கணக்கில் பணம் வந்துவிடும் என்று விளம்பரம் செய்யும் ஆப் கடன்கள் இப்போது நாகரிகமாகிவிட்டன. செயலாக்கக் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு தினமோ வாரமோ தவணை வசூலிக்கும் கடன், சரக்கு கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பணம் வாங்கும் தொழிலுக்குச் சற்றும் ஒத்துவராது.

வளர வேண்டுமென்றால் முதலில் தையல் நேரத்தைக் கூட்டுங்கள். கூடுதலாக 2 மணி நேரம் கிடைத்தால், 2 நைட்டியை விட்டுவிட்டு அந்த 6 மீட்டரில் 3 டாப் தைக்கலாம். 120 ரூபாய் போய் 270 ரூபாய் வரும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 75 ரூபாய் கூடுதல். வழக்கமான பீஸ் ரேட்டுக்கு மேல் அந்தத் தொகைக்குள் ஓவர்டைம் கொடுத்தாலும் உங்களுக்கு லாபமே.

அண்ணன் சொல்வது சரியாகும் நிலையும் உண்டு, அதை மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். நைட்டியில் 60 ரூபாய் நிற்கும்வரை, டாப்பில் நிற்பது 120 ரூபாயைத் தாண்டினால் டாப் மட்டும் தைப்பதே மேல். 40 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் நைட்டி மட்டும் போதும். இடையில் விலை எப்படி ஏறி இறங்கினாலும் 250-ம் 75-ம் மாற வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு நீங்கள் எழுதிய அளவுகளை நம்பியே நிற்கிறது. 3 மீட்டர் என்பது ஒரு நைட்டியை அளந்து பார்த்துச் சொன்னதா, கட்டிங் மேசையில் விரித்த மொத்தத் துணியை வெட்டிய பீஸ்களால் வகுத்துக் கண்டதா? பின்னதுதான் சரி, ஏனெனில் துண்டு, ஓரம், பிரிண்ட் பிழை எல்லாம் அதில் அடங்கிவிடும். நேரத்தையும் கைவேகம் மிக்க ஒருவரை வைத்து எடுக்காமல், ஒரு வாரம் முழு யூனிட்டும் தைத்ததை வைத்து எடுங்கள். நாள்தோறும் நைட்டிக்கும் டாப்புக்கும் மாறினால் நூலும் செட்டிங்கும் மாற்றுவதிலேயே நேரம் கரையும் என்பதால், வாரத்தின் முற்பகுதியில் நைட்டியை முடித்துவிட்டு டாப்புக்குப் போங்கள். வியாபாரிகள் வாரம் 50 டாப்புக்கு மேல் எடுப்பதில்லை என்றால், 50 டாப்பும் 266 நைட்டியும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதும் 20,460 ரூபாய் நிற்கும்.